வெட்டிய பின் திக்கும் பத்தி: அறுந்த இணைப்பைக் கண்டுபிடித்துச் சேர்க்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் 16 வரும்போதெல்லாம் கோயில் மலர்களிலும் சங்க இதழ்களிலும் ஒரு வரலாற்றுக் கட்டுரை வரும். 1860இல் அந்த நாளில்தான் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை நேட்டாலில் இறக்கியது. இந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் நீளமாக எழுதப்பட்டு, பக்கத்துக்கு ஏற்ப வெட்டப்படுகின்றன. வார இறுதி வகுப்பில் தமிழ் படித்தவர்களும் வாசிக்க வேண்டும் என்பதால் வாக்கியங்களையும் குட்டையாக்குகிறார்கள். இரண்டும் தேவையான வேலைதான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், செய்திகள் தப்பிப் பிழைக்கும், ஆனால் செய்திகளுக்கு இடையில் இருந்த உறவு போய்விடும். வெட்டுபவரின் கண்ணுக்கு அந்த உறவைச் சொல்லும் வாக்கியங்களே ‘இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று தோன்றுவதுதான் காரணம்.

நீளமான ஒரு பத்தியை 80 சொல்லுக்குள் அடக்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். வெட்டியவர் 43 சொல்லில் நிறுத்தியிருக்கிறார்:

“1895இல் 3 பவுண்டு வரிச் சட்டம் வந்தது. பலர் இதனால் தவித்தனர். 1913 மார்ச்சில் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சென்றனர். சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்தனர். அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கைது செய்யப்பட்டனர். வள்ளியம்மை சிறை சென்றார். 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அந்த ஆண்டு வரி நீக்கப்பட்டது.”

பதினொரு வாக்கியங்கள். எதிலும் பொய் இல்லை. ஆனாலும் இதைப் படித்துவிட்டு ஒருவர் நான்கு தவறான முடிவுகளுக்கு வர முடியும். ஓசை திக்குவதைச் சரிசெய்யத் தொடங்கும் முன் அந்தத் தவறுகளைத் தேட வேண்டும். ஓசையை முதலில் சரிசெய்தால், தவறு வழுவழுப்பான வாக்கியத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பிறகு அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

அறிகுறி: ஒவ்வொரு வாக்கியமும் சரி, படித்து எடுத்துக்கொள்ளும் செய்தி தவறு

“வள்ளியம்மை சிறை சென்றார். 1914 பிப்ரவரி 22இல் இறந்தார்.” இதைப் படிக்கும் யாரும் அவர் சிறைக்குள் இறந்தார் என்றே நினைப்பார்கள். உண்மையில் சிறையில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. அந்தக் காய்ச்சலோடு விடுதலையாகி வந்தவர், சில நாட்களில் வெளியே இறந்தார். இதைச் சொன்ன வாக்கியம் வெட்டில் போனதும், அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை தாமாக ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு வாக்கியங்களை வாசிப்பவர் மனம் சும்மா விடாது. உறவு சொல்லப்படவில்லை என்றால் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

சோதிக்கும் வழி இது. வெட்டு விழுந்த ஒவ்வொரு இடத்திலும், இரு பக்கமும் உள்ள வாக்கியங்களை மட்டும் தனியாகப் படியுங்கள். “அதனால்”, “அங்கேயே”, “உடனே” ஆகிய மூன்று சொற்களையும் நடுவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வாசிப்பவர் மனம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் போட்டுக்கொள்ளும். “சிறை சென்றார். அங்கேயே இறந்தார்” என்பது இயல்பாக ஒலிக்கிறது, ஆனால் உண்மை அல்ல. இப்படி இயல்பாகப் பொருந்தி, உண்மையில் தவறாக இருக்கும் இடத்தில் இணைப்பைக் கட்டாயம் திருப்பித் தர வேண்டும்.

வெட்டிய வாக்கியத்தை முழுதாகத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. ‘அங்கே கண்ட காய்ச்சலோடு விடுதலையான அவர்’ என்று பெயரெச்சமாக மடக்கி அடுத்த வாக்கியத்தின் தலையில் வைத்தால் போதும். ஐந்து சொல்லில் இடம், நோய், விடுதலை மூன்றும் வந்துவிடுகின்றன.

அறிகுறி: ‘அவர்கள்’ யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது

“அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கைது செய்யப்பட்டனர்.” வேலையை நிறுத்தியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். இந்த இடத்தில் கைதாகிறவர்கள், நேட்டாலின் சுரங்க ஊரான நியூகாசிலுக்கு வந்த பெண்கள். நீளமான பத்தியில் இரண்டுக்கும் நடுவில் மூன்று வாக்கியங்கள் இருந்தன, அதில் பெண்களின் பெயரும் வந்தது. அது போனதும் இரண்டு ‘அவர்கள்’ அருகருகே வந்து ஒரே கூட்டத்தைக் குறிப்பதுபோல் ஆகிவிட்டன.

தமிழில் வினைமுற்றே திணை, எண் எல்லாம் காட்டிவிடுவதால் ‘அவர்கள்’ என்ற சொல்லைக் கைவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே அது உதவாது. இரு கூட்டமும் பலர்பால்தான், ‘செய்தனர்’ என்பதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. பெயரைத் திருப்பித் தர வேண்டும், கூடவே அந்தப் பெயர் இந்தக் கதையில் செய்த வேலையையும் ஒரு எச்சமாக முன்னால் வைக்க வேண்டும்: “கேட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர், சொன்ன பெண்கள் கைதாயினர்.” ‘கேட்ட’, ‘சொன்ன’ என்ற இரண்டு சொல்லும் முந்தைய வாக்கியத்தை இழுத்து வந்து கட்டுகின்றன. யார் யார் என்பதும் தெளிவாகிறது, இணைப்பும் கிடைக்கிறது.

இதற்கு ஒரு எளிய விதி உண்டு. ‘அவர்’, ‘அது’, ‘இதனால்’ போன்ற சுட்டு வரும் ஒவ்வொரு இடத்திலும், உடனே முந்தைய வாக்கியத்தை மட்டும் பாருங்கள். அது குறிக்கும் பொருள் அங்கே இல்லையென்றாலும், குறிக்கக்கூடியவை இரண்டு இருந்தாலும், சுட்டை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள்.

அறிகுறி: எந்த இணைப்புச் சொல்லைப் போட்டாலும் ஒட்டவில்லை

இதுதான் கடினமான இடம், நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியதும் இதுவே. “கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது. தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சென்றனர்.” நடுவில் ‘எனவே’ போட்டுப் பாருங்கள். திருமணம் செல்லாது என்றால் நியூகாசிலுக்கு ஏன் போக வேண்டும்? ‘ஆனால்’ போட்டால் பொருளே இல்லை. ‘பிறகு’ போட்டால் ஒட்டுகிறது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றும் தோற்றால் அங்கே காணாமல் போனது இணைப்பு அல்ல, ஒரு படி. மாடிப்படியில் ஒன்று உடைந்திருந்தால் கைப்பிடியை மெருகேற்றிப் பயன் இல்லை. இங்கே உண்மையில் இரண்டு படிகள் இல்லை. முதலாவது: தீர்ப்பு பெண்களைக் காந்தி நடத்திய சத்தியாக்கிரகப் போராட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதுவரை பெண்கள் சிறைக்குப் போகும் வேலையில் இறக்கப்படவில்லை. இரண்டாவது: நியூகாசிலில் அந்தப் பெண்கள் பேசியது 3 பவுண்டு வரியைப் பற்றி. சுரங்கத் தொழிலாளர்களைத் தொட்ட குறை அதுதான். இந்த இரண்டாவது படி இல்லாததால், தொழிலாளர்கள் திருமணத் தீர்ப்புக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்ற தவறான எண்ணம் வருகிறது. தொடக்கத்தில் சொன்ன வரி, நடுவில் கைவிடப்பட்டு, கடைசியில் திடீரென நீக்கப்படுகிறது.

படியைத் திருப்பி வைக்கும்போது எவ்வளவு குறைவாக வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். முதல் படிக்கு ஓர் ‘உம்’ போதும். “பெண்கள் போராட்டத்தில் இறங்கினர்” என்பதற்கும் “பெண்களும் போராட்டத்தில் இறங்கினர்” என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. ‘அதுவரை ஆண்களே சிறை சென்றனர், இப்போது இவர்களும்’ என்பதை அந்த ஓர் இடைச்சொல் சுமக்கிறது. இரண்டாம் படிக்கு மட்டும் இரண்டு சொல் செலவாகிறது: ‘வரியை எதிர்க்குமாறு’.

தமிழில் வெட்டுபவர் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். நமக்கு இணைப்பின் பெரும்பகுதி தனிச் சொல்லில் இல்லை, சொல்லின் கடைசியில் இருக்கிறது. உம், ஏ, ஓ, தான், ஆல், போது என்று வினையிலும் பெயரிலும் ஒட்டும் துண்டுகள் சொல் எண்ணிக்கையைக் கூட்டுவதே இல்லை. இடம் இல்லை என்று இணைப்பை விட்டுவிடுவதற்குத் தமிழில் காரணம் மிகக் குறைவு. ஆகவே திருப்பித் தரும்போது முதலில் ஒட்டைத் தேடுங்கள். அது போதாவிட்டால் சுட்டு, பிறகு எச்சம். ‘எனவே’, ‘ஆனால்’ போன்ற தனிச் சொல் அதற்கும் பிறகு. முழு வாக்கியம் கடைசி வழி.

அறிகுறி: ஒட்டுப் போட்டுச் சேர்த்த பிறகும் வாக்கியம் இடறுகிறது

தீர்ப்பையும் பெண்களையும் ஒரே வாக்கியமாக்க முயன்று இப்படி எழுதுகிறார்கள்: “நீதிமன்றம் தீர்ப்பளித்து, பெண்கள் போராட்டத்தில் இறங்கினர்.” படித்தவுடன் காது நிற்கிறது. ‘செய்து’ என்னும் எச்சம் பொதுவாக ஒரே எழுவாயின் அடுத்தடுத்த செயல்களைக் கோக்கும். “பெண்கள் நியூகாசில் சென்று, தொழிலாளர்களிடம் பேசினர்” என்பது சரி, இரண்டையும் செய்தவர்கள் பெண்களே. தீர்ப்பளித்தது நீதிமன்றம், இறங்கியது பெண்கள். எழுவாய் மாறுகிற இடத்தில் வேறு எச்சம் வேண்டும்.

எது என்பதில்தான் வேலை இருக்கிறது. ‘தீர்ப்பளித்ததும்’ என்றால் உடனே என்ற பொருள் வரும். தீர்ப்பு வந்தது மார்ச்சில், பெண்கள் சிறைக்குத் தயாராகிப் புறப்படத் தொடங்கியது செப்டம்பரில். ஆகவே ‘அளித்ததும்’ தவறு. ‘தீர்ப்பளித்த பிறகு’ என்றால் காலம் மட்டும் கிடைக்கும், காரணம் கிடைக்காது. ‘தீர்ப்பளித்ததால்’ என்றால் காரணம் அழுத்தமாக வரும், வேறு காரணமே இல்லை என்ற சாயலோடு. ‘தீர்ப்பளிக்கவே’ என்பது இங்கே பொருந்துகிறது: ஒன்று நடந்தது, அது தூண்ட இன்னொன்று நடந்தது. எழுவாய் மாறுவதையும் இந்த எச்சம் தாங்கும். நான்கும் ஏறக்குறைய ஒரே நீளம். தேர்வு அழகுக்காக அல்ல, எந்தச் செய்தி உண்மை என்பதற்காக.

இன்னொரு இடறல் ஆங்கிலத்தில் யோசித்து எழுதும் பழக்கத்தால் வருவது. “நியூகாசில் சென்றனர் மற்றும் தொழிலாளர்களைச் சந்தித்தனர்” என்று எழுதுவதை நேட்டாலில் அச்சாகும் அறிவிப்புகளிலும் காணலாம், சென்னையிலும் காணலாம். ‘மற்றும்’ இரண்டு வினைமுற்றுகளைக் கோக்காது. ‘சென்று சந்தித்தனர்’ என்பதே தமிழ், அதில் ஒரு சொல்லும் மிச்சம்.

அறிகுறி: இணைப்புச் சொல் நிறைய இருக்கிறது, ஆனாலும் கட்டுரை நகரவில்லை

பத்தியில் மூன்று ‘மேலும்’, இரண்டு ‘எனவே’, ஓர் ‘இதனால்’ இருந்தால் யாரோ இணைப்பைத் தூவியிருக்கிறார்கள். ‘மேலும்’ பெரும்பாலும் இணைப்பே அல்ல, ‘இன்னொன்று வருகிறது’ என்ற அறிவிப்பு. அதை எடுத்துவிட்டுப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது வேண்டாம்.

‘எனவே’ அப்படி அல்ல, அது ஆபத்தானது. “வள்ளியம்மை இறந்தார். எனவே வரி நீக்கப்பட்டது.” அழகாக ஓடுகிறது, ஆனால் இது ஒரு வரலாற்று வாதம். வரி நீங்கியதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் வேலைநிறுத்தம், அதை விசாரித்த ஆணையத்தின் பரிந்துரை, காந்திக்கும் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் நடந்த பேச்சு எல்லாம் இருக்கின்றன. ஒரு மரணத்தை மட்டும் காரணமாக்க ஆதாரம் இல்லை. ‘எனவே’ போடும் முன் ‘இதுதான் காரணம் என்று கேட்பவரிடம் நிரூபிக்க முடியுமா?’ என்று கேளுங்கள். முடியாவிட்டால் காலத்தோடு நிறுத்துங்கள்: “வரி நீங்கியதோ அந்த ஆண்டின் நடுவில்தான்.” அந்த ‘ஓ’வும் ‘தான்’உம் சேர்ந்து, அவர் அதைக் காணவில்லை என்பதைச் சொல்லாமல் சொல்கின்றன. பொய்க் காரணம் எதையும் சேர்க்கவில்லை.

அறிகுறி: திக்கல் போயிற்று, இப்போது மூச்சு வாங்குகிறது

எச்சம் கைவந்ததும் எல்லாவற்றையும் கோக்கத் தோன்றும். “வரி விதிக்கப்பட்டு, கட்ட முடியாமல் தவித்து, தீர்ப்பும் வர, பெண்களும் இறங்கி, நியூகாசில் சென்று…” என்று இரயில்போல் நீளும். இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பவருக்கு இது குட்டை வாக்கியத்தைவிடக் கடினம், ஏனென்றால் வினைமுற்று வரும்வரை அவர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் வினையெச்சங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம், சொற்கள் 12, 13க்கு மேல் வேண்டாம். எழுவாய் மாறியும் மேலே சொன்ன எச்சங்கள் எதுவும் பொருந்தாவிட்டால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் பழைய திக்கல் திரும்பாமல் இருக்க, நம்மிடம் ஏற்கெனவே உள்ள முறை அந்தாதி. முடிந்த சொல்லை அடுத்ததன் தொடக்கமாக எடுப்பது. “…பெண்களும் போராட்டத்தில் இறங்கினர். அப்படி இறங்கிய தமிழ்ப் பெண்கள் சிலர்…” வாக்கியம் குட்டையாகவே இருக்கிறது, கை மட்டும் விடவில்லை. ஒரு பத்தியில் இதை ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்தால் தாலாட்டுப்போல் ஆகிவிடும்.

திருத்திய பத்தி

“1895இல் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது. மாதம் 10 ஷில்லிங் கூலியில் தொடங்கியவர்களுக்கு இது ஆறு மாத உழைப்பு. கட்ட முடியாமல் பலர் தவித்தனர். 1913 மார்ச்சில், கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, பெண்களும் போராட்டத்தில் இறங்கினர். அப்படி இறங்கிய தமிழ்ப் பெண்கள் சிலர் நியூகாசில் சென்று, வரியை எதிர்க்குமாறு சுரங்கத் தொழிலாளர்களிடம் சொன்னார்கள். கேட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். சொன்ன பெண்கள் கைதாயினர். பின்னர் சிறை சென்றவர்களில் ஒருவர் வள்ளியம்மை. அங்கே கண்ட காய்ச்சலோடு விடுதலையான அவர், சில நாட்களிலேயே, 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். வரி நீங்கியதோ அந்த ஆண்டின் நடுவில்தான்.”

79 சொற்கள், பத்து வாக்கியங்கள், மிக நீண்டதும் 13 சொல். ‘எனவே’, ‘ஆனால்’, ‘மேலும்’ ஒன்றுகூட இல்லை. கூடிய 36 சொற்களில் பெரும்பகுதி போனது செய்திக்கு: வரி யாருக்கு, அது எவ்வளவு பெரிய தொகை, பெண்கள் என்ன சொன்னார்கள், நோய் எங்கே கண்டது. இரண்டாம் வாக்கியத்தைக் கவனியுங்கள். வெட்டிய பத்தியில் ‘பலர் இதனால் தவித்தனர்’ என்று இணைப்புச் சொல் இருந்தது, ஆனாலும் ஏன் தவித்தனர் என்று தெரியவில்லை. ஒரு பவுண்டு 20 ஷில்லிங். 3 பவுண்டு 60 ஷில்லிங், முதல் ஆண்டுக் கூலியில் ஆறு மாதம். அந்தக் கணக்கு வந்ததும் ‘இதனால்’ தேவைப்படவில்லை.

பத்திகளுக்கு இடையிலும் இதே நோய் வரும். மருந்தும் ஏறக்குறைய இதுவேதான்: புதுப் பத்தியின் முதல் வாக்கியத்தில், முந்தைய பத்தியில் கடைசியாக நின்ற பொருளின் பெயர் இருக்க வேண்டும்.

அடுத்த முறை வேலை குறைய, வெட்டும்போதே பழைய பிரதியைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, நீக்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் இடத்திலும் ‘ஏன்’, ‘யார்’, ‘எப்போது’, ‘எதற்கு மாறாக’ ஆகிய நான்கில் அது எதைச் சொல்லியது என்று ஒரு சொல் குறித்து வையுங்கள். ஒன்றையும் சொல்லாத வாக்கியம் என்றால் அதை நிம்மதியாக நீக்கலாம்.

திருத்தி முடித்தபின், நீளமான பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் பத்தியைக் கொடுத்து, தாளைக் கவிழ்த்துவிட்டு வாய்ச்சொல்லாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் ‘அதனால’ என்று சொல்கிற இடங்களையும் ‘அப்புறம்’ என்று சொல்கிற இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ‘அப்புறம்’ வந்தால், அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவதன் வினைமுடிவைத் திறந்து மறுபடி பாருங்கள். காரணம் இல்லாத இடத்தில் ‘அதனால’ வந்தால், நடுவில் ஒரு படியோ ஒரு தேதியோ இன்னும் குறைகிறது.